காலையில் தோளும் இடுப்பும் இறுகிப்போகிறது: அம்மாவுக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா?

வாசகர் கடிதம்

டாக்டர், என் அம்மாவுக்கு 71 வயது. ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். கொஞ்சம் காபி, ஊடே மிளகுக் கொடி. இத்தனை நாள் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். ஐப்பசியில் ஒரு பத்து நாளுக்குள் இரண்டு தோளும் இரண்டு பக்க இடுப்பும் பிடித்துக்கொண்டன. காலையில் கட்டிலில் புரண்டு படுக்க முடியவில்லை. கொண்டை போடக் கை தூக்க முடியவில்லை. பதினோரு மணிக்கு மேல்தான் மெல்ல விடுகிறது. சாயங்காலம் தோட்டத்துக்கே போய்விடுகிறார். அதனால் சொந்தக்காரர்கள் "நடிப்பு" என்கிறார்கள். எடை நாலு கிலோ குறைந்திருக்கிறது.

எக்ஸ்ரே பார்த்துக் கழுத்து எலும்பு தேய்மானம் என்றார்கள். மூன்று மாதமாக வலி மாத்திரை, அப்புறம் பிசியோதெரபி, எதற்கும் கேட்கவில்லை. ஒரு வைத்தியர் கொடுத்த பொட்டல மாத்திரையில் இரண்டே நாளில் எழுந்து நடமாடினார். மூன்று வாரத்தில் மாத்திரை தீர்ந்ததும் பழையபடி ஆகிவிட்டது. அதற்கு ஒரு மாதம் கழித்து சேலத்தில் ஒரு டாக்டர் ரத்தம் பார்த்தார். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 84, சி.ஆர்.பி. 46, ருமடாய்டு மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை. பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்று எழுதி, பிரெட்னிசோலோன் தினமும் 15 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். "ஸ்டீராய்டு தொட்டால் கிட்னி போய்விடும், அப்புறம் விடவே முடியாது" என்று அக்கா தடுக்கிறார். மாத்திரை வாங்கி நாலு நாள் ஆகிறது, இன்னும் தொடங்கவில்லை. மலைக் குளிர்தான் காரணமா? கீழே கூட்டி வந்தால் சரியாகுமா? மாத்திரை தொடங்கினால், வலி போனதும் நிறுத்திவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

டாக்டரின் பதில்

மாத்திரையைத் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். தோளையும் இடுப்பையும் சுற்றி அழற்சி வரும் பாலிமயால்ஜியா என்று உங்கள் டாக்டர் எழுதியிருப்பதும் சரியாகப் பொருந்துகிறது, அளவும் சரியான அளவு. ஆனால் இதைப் படித்து முடித்த கையோடு அம்மாவுக்கு ஒரு போன் போட்டு நாலு கேள்வி கேளுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்து 15 மில்லிகிராம் போதுமா, அல்லது இன்றைக்கே அவரை மலையிலிருந்து இறக்க வேண்டுமா என்பது மாறிவிடும்.

முதலில் கண்

பாலிமயால்ஜியாவோடு சிலருக்குத் தலைக்கும் கண்ணுக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய்களிலும் அழற்சி வரும். ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்பார்கள். மேலைநாட்டுக் கணக்கில் பாலிமயால்ஜியா உள்ள ஆறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. நம் ஊரில் அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை என்றாலும், இருந்துவிட்டால் கண்ணுக்குப் போகும் ரத்தம் அடைபட்டுப் பார்வை திடீரென்று போகும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. கவனிக்காமல் விட்டால் சில நாளிலோ வாரத்திலோ அடுத்த கண்ணும் போகலாம்.

"தலை வலிக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டால் வயதானவர்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவார்கள். அதனால் இப்படிக் கேளுங்கள். இதுவரை வராத மாதிரி நெற்றிப்பொட்டுப் பக்கம் புதிதாக வலி வருகிறதா? தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதோ சீப்பு படும்போதோ மண்டைத்தோல் நோகிறதா? முறுக்கோ கறியோ வெற்றிலைபாக்கோ மெல்லும்போது கொஞ்ச நேரத்தில் தாடை வலித்து, மெல்லுவதை நிறுத்தினால் வலி விடுகிறதா? ஒரு கண்ணில் சில நொடி மறைப்பது, மங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது உண்டா?

தாடைக் கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். பல்வலியாக இருந்தால் கடித்தவுடன் வலிக்கும். இதில் முதல் சில வாய் சுகமாகப் போகும். மெல்ல மெல்லத்தான் தாடை சோர்ந்து வலி பிடிக்கும், நிறுத்தினால் ஓய்ந்துவிடும்.

நாலில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே நேராகப் போகலாம். அங்கே "பாலிமயால்ஜியா என்று சொல்லியிருக்கிறார்கள், இப்போது தாடையும் நெற்றிப்பொட்டும் வலிக்கிறது" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். அந்த நிலைக்கு 15 மில்லிகிராம் போதாது; 40 முதல் 60 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள், பார்வையில் ஏற்கெனவே குறை வந்திருந்தால் ஊசியாகவே ஏற்றுவார்கள். நாலுக்கும் "இல்லை" என்றால் நாளைக் காலையே 15 மில்லிகிராமைத் தொடங்கலாம். ஆனால் இந்தக் கேள்விகளை இத்தோடு விட்டுவிடாதீர்கள். மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வரும் மாதங்களிலும் இது தலைகாட்டலாம் என்பதால், ஒவ்வொரு முறை அளவைக் குறைத்த பிறகும் அம்மாவிடம் கேளுங்கள்.

நடிப்பு இல்லை, குளிரும் இல்லை

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய சொல் அந்த "நடிப்பு"தான். காலையில் புரள முடியாதவர் சாயங்காலம் தோட்டத்தில் நிற்பது இந்த நோயின் அடையாளம். நோயைக் கண்டுபிடிக்க உதவும் விஷயத்தையே அவர் பொய் சொல்வதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தோள்மூட்டையும் இடுப்புமூட்டையும் சுற்றி, தசைநாண்கள் உரசாமல் வழுக்கிப் போவதற்காகத் திரவம் உள்ள சின்னச் சின்னப் பைகளும் உறைகளும் இருக்கின்றன. இந்த நோயில் பெரும்பாலும் அங்கேதான் அழற்சி. தோளை ஸ்கேன் எடுத்தால் அந்தப் பைகளில் நீர் கோத்திருப்பது தெரியும், எக்ஸ்ரேயில் தெரியாது. எழுபது வயதில் யார் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் இருக்கும். அம்மாவுக்கும் இருக்கிறது, ஆனால் அது இந்த வலிக்குக் காரணம் இல்லை.

ராத்திரியில் நம் உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் நடுநிசி வாக்கில் மிகக் குறைவாக இருக்கும். அழற்சியைத் தூண்டும் பொருட்களோ விடியும் நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அசையாமல் படுத்திருப்பதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. விடிந்து உடம்பின் கார்ட்டிசாலும் ஏறி, கொஞ்சம் நடமாடவும் செய்தால்தான் இறுக்கம் விடும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் காலை இறுக்கம் நீடித்தால் அழற்சியைச் சந்தேகப்பட வேண்டும். அம்மாவுக்குப் பதினோரு மணி வரை நீடிக்கிறது. சேலம் வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்தே வந்துவிட்டு இறங்கும்போது அவர் மறுபடியும் இறுகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே காரணத்தால்தான்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் இன்னொரு நோயும் வரும், ஃப்ரோசன் ஷோல்டர். அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் ஒரு பக்கத் தோளில் மாதக்கணக்கில் மெல்ல வரும். காலையானாலும் மாலையானாலும், வேறொருவர் பிடித்துத் தூக்கினாலும் கை மேலே போகாது. அம்மாவுக்கு இரண்டு தோளும் இரண்டு இடுப்பும் பத்தே நாளில் பிடித்திருக்கின்றன, மாலையில் கை தூக்க வருகிறது.

குளிரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நார்வே போன்ற வட நாடுகளில் இந்த நோய் அதிகம் பதிவாவது உண்மைதான். அதற்குக் குளிர்தான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. சேலம் வெயிலில் இருப்பவர்களுக்கும் இது வருகிறது. கீழே கூட்டி வந்தால் விடிகாலைக் குளிரின் தொந்தரவு கொஞ்சம் குறையலாம், நோய் போகாது. ஆனாலும் வேறு ஒரு காரணத்துக்காகச் சில வாரம் உங்களோடு வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பொட்டல மாத்திரை சொல்லும் சேதி

இந்த நோயின் வலி சாதாரண வலி மாத்திரைக்குச் சரியாகக் கேட்காது. ஸ்டீராய்டு கொடுத்தால் ஓரிரு நாளிலேயே ஆளே மாறிவிடுவார். மூன்று மாதம் வலி மாத்திரைக்கு அசையாத அம்மா, பேர் தெரியாத பொட்டலத்துக்கு இரண்டே நாளில் எழுந்து நடந்தார் என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று கடுகு போலச் சின்ன மாத்திரைகள் உண்டு. அரை மில்லிகிராம்தான் என்றாலும் அப்படி நாலு மாத்திரை பிரெட்னிசோலோன் 15 மில்லிகிராமை ஒட்டி வரும். அக்கா எந்த மருந்துக்குப் பயப்படுகிறாரோ அதையே அம்மா அளவு தெரியாமல் மூன்று வாரம் சாப்பிட்டிருக்கக்கூடும். அவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பொட்டலம் மிச்சம் இருந்தால் ஒன்றை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், மற்றதைத் தூக்கிப் போடுங்கள். "அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்" என்று பிரெட்னிசோலோனோடு சேர்த்துக் கொடுத்தால் ஸ்டீராய்டு இரண்டு மடங்காகிவிடும். இன்னொன்று, அந்தப் பொட்டலத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில் ரத்தம் எடுத்திருந்தால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எல்லாம் இறங்கி "ஒன்றும் இல்லை" என்று வந்திருக்கும். ஒரு மாதம் கழித்து எடுத்தது நல்லதாகப் போயிற்று.

ஸ்டீராய்டுக்குக் கேட்டது என்பதாலேயே இது பாலிமயால்ஜியாதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. முதிய வயதில் தொடங்கும் ருமடாய்டு மூட்டுவாதம் முதல் சில மாதம் அச்சாக இப்படியே வரும், அதுவும் ஸ்டீராய்டுக்குக் கேட்கும். ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை என்றால் மட்டும் போதாது, சி.சி.பி. ஆன்டிபாடியும் ஒரு தடவை பாருங்கள். விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்குகின்றனவா என்று நீங்களே கையைப் பிடித்துப் பாருங்கள். நம் ஊரில் சிக்குன்குனியாவும் மூட்டுகளை மாதக்கணக்கில் இறுக்கி வைக்கும், ஆனால் அதற்கு முன்னால் நல்ல காய்ச்சல் வந்திருக்கும். தைராய்டு, கால்சியம், வைட்டமின் டி, தசை நொதியான சி.பி.கே., ரத்தத்தில் புரதப் பிரிப்பு ஆகியவற்றையும் டாக்டர் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. கடைசியில் சொன்னது மைலோமா என்ற எலும்புமஜ்ஜைப் புற்றுநோயை விலக்குவதற்கு. எடை குறைந்திருப்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன். பாலிமயால்ஜியாவே பசியைக் குறைத்து எடையைக் குறைக்கும். அப்படி இருந்தால் சிகிச்சை தொடங்கி இரண்டு மாதத்தில் எடை திரும்ப வேண்டும். வலி போயும் எடை இறங்கிக்கொண்டே இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

மாத்திரை தொடங்கிய பிறகும் ஒரு சோதனை உண்டு. ஒரு வாரத்துக்குள் அம்மா தானே கொண்டை போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்தும் பாதிதான் பரவாயில்லை என்றால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது வழி இல்லை. நோய் வேறாக இருக்குமோ என்று டாக்டர் மறுபடி யோசிக்க வேண்டிய நேரம் அது.

கிட்னி, பூச்சி, எலும்பு

பிரெட்னிசோலோன் கிட்னியைக் கெடுக்காது. சிறுநீரக நோய் சிலவற்றுக்கு இதே மருந்தைத்தான் கொடுக்கிறோம். அம்மாவின் கிட்னிக்கு ஆபத்து, மூன்று மாதமாகச் சாப்பிடும் வலி மாத்திரையில்தான் இருக்கிறது. சர்க்கரையும் 71 வயதும் சேர்ந்தால் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் கிட்னியை நிஜமாகவே பாதிக்கும். ஸ்டீராய்டோடு அதையும் போட்டால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும் வாய்ப்பும் கூடும். பிரெட்னிசோலோன் தொடங்கும் நாளோடு அவற்றை நிறுத்திவிடுங்கள், கிரியாட்டினின் பாருங்கள்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு குடல்புழு இருக்கிறது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத் தோல் வழியாக ஏறி, பல வருஷம் எந்தத் தொந்தரவும் தராமல் உடம்பிலேயே பெருகிக்கொண்டிருக்கும். ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பு சக்தி குறையும்போது அது குடலைத் தாண்டி நுரையீரல், ரத்தம் என்று பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு தடவை மலம் பார்த்தால் பெரும்பாலும் சிக்காது; ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு ஏறியிருந்தால் சந்தேகம் கூடும். வழக்கமாகக் கொடுக்கும் ஒரு அல்பெண்டசோல் மாத்திரை இதற்குப் போதாது, ஐவர்மெக்டின்தான் கேட்கும், எடையைப் பார்த்து அளவு சொல்ல வேண்டும். "அம்மா இத்தனை வருஷமும் வெறுங்காலோடு தோட்டத்தில் இருந்தவர்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சேலத்தில் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தானாகத் தெரியாது. பழைய காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள்.

எலும்பைப் பற்றி அக்கா பயந்தால் அந்தப் பயம் நியாயமானது. ஸ்டீராய்டு முதல் சில மாதத்திலேயே எலும்பை அரிக்கத் தொடங்கிவிடும். அதனால் கால்சியமும் வைட்டமின் டி-யும் முதல் நாளிலிருந்தே வேண்டும். இந்த வயதுப் பெண்களுக்குப் பெரும்பாலும் வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுக்கிறோம். கிட்னி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு. அதைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், டீ காபி எதுவும் குடிக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தும் சேராது, உணவுக்குழாயும் புண்ணாகும்.

சர்க்கரையை எப்போது பார்ப்பது

இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். காலை டிபனுக்குப் பிறகு பிரெட்னிசோலோன் சாப்பிட்டால் சர்க்கரை மத்தியானத்திலிருந்து ஏறி, சாயங்காலம் உச்சத்தில் இருக்கும். ராத்திரியில் இறங்கி, மறுநாள் விடிகாலை வெறும் வயிற்றில் பார்த்தால் 110, 120 என்று அழகாக வரும். லேப் ஆள் காலையில் வந்து ரத்தம் எடுத்துப் போய் "சர்க்கரை நார்மல்" என்று சீட்டு கொடுப்பார். அதே நாள் சாயங்காலம் 300 இருந்திருக்கும்.

வீட்டுக்கு ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பும் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். தொடர்ந்து 200-க்கு மேல் நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மெட்ஃபார்மினோடு இன்னொரு மாத்திரையோ காலையில் கொஞ்சம் இன்சுலினோ சேர்ப்பார். அதற்காகப் பிரெட்னிசோலோனை நிறுத்த வேண்டியதில்லை. பின்னால் பிரெட்னிசோலோன் குறையக் குறையச் சர்க்கரை மருந்தையும் குறைக்க வேண்டும். அதை மறந்துவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோய் அம்மா தனியாக மயங்கி விழுவார்.

நிறுத்துவதும் குறைப்பதும்

வலி போனதும் நிறுத்தக் கூடாது, இதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். இரண்டு காரணம். வலி நாலு நாளில் போய்விடும், அழற்சி உள்ளே ஒரு வருஷம், இரண்டு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும், நிறுத்தியதும் திரும்பிவிடும். பொட்டலம் தீர்ந்ததும் நடந்தது அதுதான். இரண்டாவது, சில வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்தால் அட்ரீனல் சுரப்பி தன் கார்ட்டிசால் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது என்று ஆபத்தில் முடியலாம். "விடவே முடியாது" என்று அக்கா கேள்விப்பட்டது இந்த மாதிரி சட்டென்று நிறுத்திப் பட்டவர்களின் கதையாகத்தான் இருக்கும். மெல்ல இறங்கினால் விட முடியும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்கள் டாக்டர் இதைக் கொஞ்சம் மாற்றலாம். தை முதல் தேதி தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் 15 மில்லிகிராம். அடுத்த மூன்று வாரம் 12.5. மாசி நடுவில் 10-க்கு வந்து பங்குனி முடியும் வரை அதிலேயே நிற்கலாம். சித்திரையிலிருந்து மாதத்துக்கு ஒரே ஒரு மில்லிகிராம் குறைப்பது: சித்திரையில் 9, வைகாசியில் 8, இப்படியே போனால் மார்கழியில் 1, அடுத்த தையில் பூஜ்யம். எல்லாம் ஒழுங்காகப் போனால் ஒரு வருஷம். பாதி வழியில் வலி திரும்பி இதைவிட நீளுவதும் சகஜம், அதற்கு மனதைத் தயாராக வைத்திருங்கள். எப்போதும் காலையில், டிபனுக்குப் பிறகு, ஒரே வேளையாகக் கொடுங்கள்.

ஒரு மில்லிகிராம் மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஒரு நாள் 10, மறுநாள் 7.5 என்று மாற்றி மாற்றிக் கொடுத்து இறக்கும் முறையும் உண்டு. காலண்டரில் தேதிக்கு மேலேயே எண்ணை எழுதி வையுங்கள். அம்மா தினமும் கிழிக்கும் தாளைப் பார்த்தே மாத்திரை எடுத்துக்கொள்வார்.

குறைக்கும்போது காலை இறுக்கம் திரும்பினால் பதறி 15-க்கு ஓட வேண்டாம். எந்த அளவில் நன்றாக இருந்தாரோ அந்த அளவுக்கு மட்டும் டாக்டரிடம் சொல்லித் திரும்பி, சில வாரம் நின்று, பிறகு இன்னும் மெதுவாக இறங்குங்கள். சி.ஆர்.பி. கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் அம்மா சுகமாக இருக்கிறார் என்றால் அந்த எண்ணுக்காக மட்டும் மாத்திரையைக் கூட்டக் கூடாது. சளி, சிறுநீர்த் தொற்று எதனாலும் அது ஏறும். இரண்டு, மூன்று முறை குறைக்க முயன்றும் முடியவில்லை என்றால், அல்லது சர்க்கரை கட்டுக்கடங்கவில்லை என்றால், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சேர்த்து ஸ்டீராய்டை இறக்கலாம். அந்தக் கட்டத்தில் மூட்டுவாத நிபுணர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு சின்ன அட்டையில் "தினமும் பிரெட்னிசோலோன் எடுக்கிறேன்" என்று அளவோடு எழுதி அம்மாவின் சுருக்குப்பையில் போட்டுவிடுங்கள். கடும் காய்ச்சல், விபத்து, ஆபரேஷன் என்று வந்தால் உடம்புக்கு அதிக ஸ்டீராய்டு தேவைப்படும். பார்க்கும் டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் அன்றைக்கே ஊசியாகப் போட வேண்டும். மலையில் மழை, பஸ் இல்லை என்ற காரணத்தால் மாத்திரை விட்டுப்போகாமல் இருக்க, இரண்டு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் வீட்டில் கூடுதலாக இருக்கட்டும்.

மலையா, சேலமா?

முதல் மூன்று வாரம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். சாயங்காலச் சர்க்கரை எவ்வளவு போகிறது, மாத்திரைக்கு நோய் கேட்கிறதா, கண்ணில் எதுவும் தொந்தரவு வருகிறதா என்பதெல்லாம் இந்த நாட்களில்தான் தெரியும். ரத்த அழுத்தத்தையும் வாரம் ஒரு முறை பாருங்கள். வந்தது வந்தார் என்று கண் டாக்டரிடம் கண்புரையும் கண் அழுத்தமும் பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு இரண்டையும் கூட்டும், தொடக்கத்தில் எப்படி இருந்தது என்று ஒரு பதிவு வேண்டும். அதன் பிறகு அவர் ஊருக்குப் போகலாம். சேலத்தில் அடைத்து வைப்பதைவிடத் தோட்டத்தில் நடமாடுவது தசைக்கும் எலும்புக்கும் நல்லது. காலில் செருப்பு மட்டும் கட்டாயம்.

உடம்பு தேறியதும் அம்மா பழைய வேகத்தில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வார். ஸ்டீராய்டு கொடுக்கும் தெம்பும் அப்படித்தான் செய்ய வைக்கும். ஆனால் அந்த மாதங்களில் எலும்பு பலவீனமாக இருக்கும், தொடைத் தசையும் கொஞ்சம் இளைத்திருக்கும். காபி மூட்டை தூக்குவதையும், மிளகு பறிக்க ஏணி ஏறுவதையும் இந்த வருஷம் அவர் செய்யக் கூடாது. மிளகுக்கு ஆள் வைத்துப் பறித்துவிடுங்கள், கூலியை நீங்கள் கொடுங்கள்.